ரினியூவல் விலையைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்: திருச்சி, ஸ்ரீரங்கம் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

சித்திரை வீதியிலும் உத்திர வீதியிலும் அம்மா மண்டபம் ரோட்டிலும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெரிய கடைவீதியிலும் என்.எஸ்.பி. ரோட்டிலும் கடை வைத்திருக்கும் உங்களுக்குத்தான் இந்த மடல்.

கார்த்திகை பிறந்துவிட்டால் உங்களிடமிருந்து எனக்கு வரும் போன் பெரும்பாலும் ஒரே விஷயத்தைப் பற்றியதுதான். "தம்பி, போன வருஷம் ரெண்டாயிரத்துச் சொச்சம் கட்டுன வெப்சைட்டுக்கு இந்த வருஷம் பதினோராயிரம் போயிருக்கு, என்னன்னு பாருங்க" என்பீர்கள். கடைகளுக்கு வெப்சைட் செய்து பராமரித்துக் கொடுப்பது என் தொழில். அதனால் உங்கள் பில்லை வாங்கிப் பார்க்கிறேன். பணம் ஏற்கெனவே போயிருக்கும். ரினியூவலுக்கு ரீஃபண்ட் பெரும்பாலும் கிடையாது என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். பணம் போன பிறகு என்னிடம் கேட்பதைவிட, போவதற்கு முன் நீங்களே தடுக்க முடியும் என்று சொல்வதற்காகத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

உங்களில் ஒருவருடைய பில் என் முன்னால் இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் பித்தளை விளக்கும் பூஜைச் சாமான்களும் விற்கிற கடை. பெயர் வேண்டாம் என்றார். விற்ற நிறுவனத்தின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. நவம்பர் கடைசியில் வந்த ஆஃபரில் வாங்கியிருக்கிறார். பக்கத்தில் பெரிய எழுத்தில் மாதம் 99 ரூபாய் என்று இருந்தது. அது நான்கு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் கிடைக்கும் விலை. ஒரு வருடம் போதும் என்று இவர் தேர்ந்தெடுத்ததும் அது 159 ஆனது. பன்னிரண்டு மாதத்துக்கு 1,908 ரூபாய், 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்து 2,251. டொமைன் பெயர் ஒரு வருடத்துக்கு இலவசம். எஸ்எஸ்எல் சான்றிதழும் இலவசம். நல்ல பேரம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அதே பக்கத்தில், 159-க்குக் கீழே, வெளிறிய சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் இன்னொரு வரியும் இருந்தது: "Renews at ₹459/mo." போனில் பார்த்தால் கட்டைவிரல் மறைத்துவிடுகிற அளவு எழுத்து. மறு வருடம் வந்த பில்லில் ஹோஸ்டிங் 5,508, டொமைன் 1,499, எஸ்எஸ்எல் 2,499. ஜிஎஸ்டியோடு 11,217 ரூபாய். முதல் வருடத்தைப் போல ஐந்து மடங்கு. இத்தனைக்கும் வெப்சைட்டில் ஒரு படம்கூடக் கூடவில்லை. அதே ஐந்து பக்கம், அதே விளக்குப் படங்கள், அதே வாட்ஸ்அப் எண்.

இந்த 11,217-ஐ மொத்தமாகப் பார்த்தால் ஆத்திரம்தான் வரும், வழி தெரியாது. தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். மூன்று வரியும் மூன்று விதமான விஷயம்.

முதலில் டொமைன். உங்கள் கடைப் பெயருக்குப் பின்னால் .com என்று வருகிறதே, அந்த .com பட்டியல் முழுவதையும் வெரிசைன் என்ற ஒரே அமெரிக்க நிறுவனம் நிர்வகிக்கிறது. நீங்கள் யாரிடம் வாங்கினாலும், அவர் ஒவ்வொரு பெயருக்கும் வருடா வருடம் வெரிசைனுக்கு ஒரு தொகை கட்டியாக வேண்டும். பல வருடம் 7.85 டாலராக இருந்த அந்தத் தொகை, 2021 முதல் 2024 வரை வருடத்துக்கு ஒரு முறை ஏறி, 2024 செப்டம்பரில் 10.26 டாலர் ஆனது. இதற்கு மேல், டொமைன் பெயர்களுக்கு விதி வகுக்கும் ஐகேன் அமைப்புக்குச் சில சென்ட். நம் பணத்தில் தோராயமாகத் தொள்ளாயிரம் ரூபாய், ஜிஎஸ்டி தனி. நீங்கள் கவனிக்க வேண்டியது என்னவென்றால், புதிதாகப் பதிவு செய்தாலும் ரினியூ செய்தாலும் வெரிசைன் வாங்குவது ஒரே தொகைதான். ஆகவே டொமைன் விஷயத்தில் உங்களுக்கு ஏமாற்றம் தந்தது இரண்டாம் வருட விலையல்ல. முதல் வருட இலவசம்தான் மெய்யான விலையாக இல்லை. விற்றவர் தன் கையிலிருந்து தொள்ளாயிரத்தைப் போட்டு உங்களை உள்ளே அழைத்திருக்கிறார். ஒரு .com பெயருக்கு வருடம் ஆயிரம், ஆயிரத்து இருநூறு கேட்டால் அது நியாயமான விலை. அதற்காகச் சண்டைக்குப் போகாதீர்கள். 1,499 கொஞ்சம் அதிகம். கிளவுட்ஃபிளேர் போன்ற ஒன்றிரண்டு இடங்களில் தங்கள் லாபம் வைக்காமல் அடக்க விலைக்கே பதிவு செய்கிறார்கள் என்பதால் ஒப்பிட்டுப் பார்ப்பது எளிது.

நீங்கள் உண்மையிலேயே பயப்பட வேண்டியது .store, .online, .shop போன்ற புது முடிவுகளில்தான். "99 ரூபாய்க்கு உங்கள் கடைப் பெயர்" என்று வருகிற விளம்பரங்கள் பெரும்பாலும் இவற்றுக்கானவை. இரண்டாம் வருடம் ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். அதற்குள் அந்தப் பெயரைக் கடையின் மஞ்சப்பையிலும் பில் புத்தகத்திலும் ஃபிளெக்ஸ் போர்டிலும் அச்சடித்திருப்பீர்கள். பெயரை மாற்றினால் அவ்வளவும் வீண் என்பதால், கேட்ட தொகையைக் கட்டுவதைத் தவிர உங்களுக்கு வேறு வழி இருக்காது. புதிதாக வாங்குகிறவர்கள் .in அல்லது .com-இல் நிற்பது நல்லது. .in பெயர்களை நம் நாட்டின் நிக்ஸி அமைப்பு நிர்வகிக்கிறது. கடைப் பெயர் கிடைக்கவில்லை என்றால் பின்னால் ஊர்ப் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஹோஸ்டிங். உங்கள் படங்களும் எழுத்துகளும் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டருக்கு நீங்கள் தருகிற வாடகை இது. உங்களுக்கு விற்கிற ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒரே சர்வரை நூற்றுக்கணக்கான வெப்சைட்டுகள் பகிர்ந்துகொள்கின்றன. டொமைனுக்கு இருப்பது போல இதற்கு வெளியிலிருந்து நிர்ணயிக்கப்பட்ட அடிவிலை எதுவும் இல்லை. 159 எப்படி 459 ஆயிற்று என்று கேட்டால், மின்சாரம் ஏறியது, சர்வர் விலை ஏறியது என்று யாரும் சொல்ல முடியாது. வாங்கும் அன்றே 459 என்று எழுதி வைத்துவிட்டார்களே! இந்த விலை, வெப்சைட்டை வேறு இடத்துக்கு மாற்றுவது உங்களுக்குத் தெரியாது, தெரிந்தாலும் அதற்கு நேரம் கிடைக்காது என்ற கணக்கில் வைக்கப்பட்ட விலை. என் கோபமெல்லாம் இந்த இடத்தில்தான்.

ஆகவே ஆஃபரைப் பார்த்ததும் நீங்கள் போட வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. முதல் வருடத்தையும் அடுத்த இரண்டு வருட ரினியூவலையும் கூட்டி, 36-ஆல் வகுங்கள். விளக்குக் கடைக்காரர் விஷயத்தில் 1,908-உம் 11,016-உம் சேர்ந்து 12,924. மாதத்துக்கு 359 ரூபாய். அவர் வாங்கியது 159 ரூபாய் ஹோஸ்டிங் அல்ல, 359 ரூபாய் ஹோஸ்டிங். பக்கத்திலேயே இன்னொருவர் ஆஃபர் எதுவும் இல்லாமல், முதல் வருடமும் ரினியூவலும் ஒன்றே, மாதம் 250 ரூபாய் என்று விற்றிருந்தால், இவர் அதை விலை அதிகம் என்று ஒதுக்கியிருப்பார். மூன்று வருடத்தில் அது 9,000 ரூபாய்தான். மொத்தமாக நான்கு வருடம் வாங்கிவிட்டால் தப்பிக்கலாமே என்பீர்கள். ஏற்றம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். அதுவரை சேவை எவ்வளவு மோசமாக இருந்தாலும் கட்டிய பணத்துக்காக அங்கேயே கிடக்க வேண்டும். தெரியாத நிறுவனத்தில் அவ்வளவு நீண்ட காலத்துக்குப் பணத்தைப் போடாதீர்கள் என்பதே என் கருத்து.

மூன்றாவது வரி எஸ்எஸ்எல். வெப்சைட் முகவரி https என்று தொடங்குவதற்கான சான்றிதழ் அது. லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற லாப நோக்கற்ற அமைப்பு 2015-இலிருந்து இதை இலவசமாகத் தந்துகொண்டிருக்கிறது. ஹோஸ்டிங் நிறுவனம் வசதி செய்து கொடுத்தால் அது தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். பொருளைப் படம் போட்டுக் காட்டி, ஆர்டரை வாட்ஸ்அப்பில் வாங்குகிற கடைக்கு அதுவே தாராளம். கார்டு எண்ணை வாங்குகிற வேலையைப் பேமென்ட் கேட்வே தன் பக்கத்தில் செய்துகொள்கிறது என்றாலும் அதுவே போதும். 2,499 ரூபாய்க்கு அந்தக் கடைக்குக் கூடுதலாகக் கிடைத்தது ஒன்றுமில்லை. ஹோஸ்டிங் பேனலில் எஸ்எஸ்எல் என்ற இடத்தில் லெட்ஸ் என்க்ரிப்ட் அல்லது ஆட்டோ எஸ்எஸ்எல் என்று ஒரு தேர்வு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்று சொன்னால், அந்த இடத்தை விட்டுக் கிளம்ப அந்த ஒரு காரணமே போதும்.

பணம் எப்படித் தானாகப் போகிறது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் முறை வாங்கும்போது நீங்கள் போட்ட ஓடிபி அந்த 2,251 ரூபாய்க்கு மட்டும் சம்மதம் தரவில்லை. பல இடங்களில் அதே ஓடிபியில் அடுத்தடுத்த வருடங்களுக்கான இ-மேண்டேட்டும் பதிவாகிவிடுகிறது. 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, இப்படித் தானாக எடுக்கும் தொகை ஓர் உச்சவரம்புக்குள் இருந்தால் மறுபடி ஓடிபி தேவையில்லை. அந்த வரம்பு முதலில் 5,000 ரூபாயாக இருந்தது. 2022 ஜூனில் 15,000 ஆயிற்று. 11,217 அதற்குள் அடங்கிவிட்டது. பழைய வரம்பே இருந்திருந்தால் அன்று அவர் போனுக்கு ஓர் ஓடிபி வந்திருக்கும், நின்று பார்த்திருப்பார்.

ஆனால் அதே விதி உங்களுக்கு ஒரு பாதுகாப்பையும் தந்திருக்கிறது. பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் வங்கி உங்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். அதில் வேண்டாம் என்று நிறுத்துவதற்கும் வழி தர வேண்டும். விளக்குக் கடைக்காரரின் போனில் தேடியபோது அந்த எஸ்.எம்.எஸ். இருந்தது. கடன் விளம்பரங்களுக்கும் ரீசார்ஜ் செய்திகளுக்கும் நடுவில் படிக்கப்படாமல் கிடந்தது. வங்கியின் ஆப்பில் அல்லது யுபிஐ ஆப்பில் ஆட்டோபே, மேண்டேட் என்று ஒரு பகுதி இருக்கும். இந்த மடலைப் படித்து முடித்ததும் அதைத் திறந்து பாருங்கள். யார் யாருக்கு எவ்வளவு வரை எடுக்க அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று அங்கே தெரியும், அங்கேயே ரத்தும் செய்யலாம்.

ஒரு எச்சரிக்கை. ஆத்திரத்தில் எல்லா ஆட்டோ ரினியூவையும் நிறுத்திவிட்டுப் பேசாமல் இருந்துவிடாதீர்கள். ஹோஸ்டிங் நின்றால் வேறு இடத்தில் எடுத்துக்கொள்ளலாம். டொமைன் நின்றால் பெயரே போய்விடும். .com பெயர் காலாவதி ஆனதும் வெப்சைட் மறையும், அந்தப் பெயரில் வரும் மின்னஞ்சலும் நிற்கும், பை மேல் அச்சடித்த க்யூஆர் கோடு எங்கோ விளம்பரப் பக்கத்துக்குப் போகும். முதலில் அதிகபட்சம் 45 நாள் வரை சலுகைக் காலம் இருக்கலாம். ஆனால் அதில் எவ்வளவு நாள் தருவது என்பது நீங்கள் வாங்கிய நிறுவனத்தின் விருப்பம். அதன் பிறகு 30 நாள் மீட்புக் காலம். அப்போது மீட்க வேண்டுமானால் வழக்கமான கட்டணத்தோடு பெருந்தொகை ஒன்றை அபராதம் போலக் கேட்பார்கள். கடைசியாக ஐந்து நாள் யாராலும் தொட முடியாத நிலையில் இருந்துவிட்டு, பெயர் பொதுவில் விடப்படும். கடைப் பெயரை அப்போது யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். ஆகவே ஆட்டோ ரினியூவை ஹோஸ்டிங்குக்கு நிறுத்துங்கள், டொமைனுக்கு நிறுத்தாதீர்கள். முடிந்தால் டொமைனை மூன்று, நான்கு வருடத்துக்கு முன்கூட்டியே கட்டி வைத்துவிடுங்கள். பத்து வருடம் வரை அனுமதி உண்டு. இதில் பணத்தை முடக்குவது வீணாகாது.

இனி, இந்தச் சிக்கலின் வேர் எங்கே இருக்கிறதோ அங்கே வருகிறேன். அந்த டொமைன் உங்கள் பெயரில்தான் இருக்கிறதா?

உங்களில் பாதிப் பேருக்கு இதற்குப் பதில் தெரியாது என்பதை அனுபவத்தில் சொல்கிறேன். வெப்சைட் செய்து கொடுத்த பையன் தன்னுடைய மின்னஞ்சலில், தன்னுடைய அக்கவுன்ட்டில் பதிவு செய்திருப்பான். கெட்ட எண்ணத்தில் இருக்காது. உங்களுக்குத் தொந்தரவு வேண்டாமே என்றுதான் செய்திருப்பான். பிறகு அவன் படிப்பு முடிந்து பெங்களூருக்கு வேலைக்குப் போயிருப்பான். ஐகேன் விதிப்படி .com பெயர் காலாவதி ஆவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் நினைவூட்டல் அனுப்ப வேண்டும். அனுப்பத்தான் செய்கிறார்கள். அது அந்தப் பையனின் பழைய மின்னஞ்சலுக்குப் போகிறது. பெயரை வேறு இடத்துக்கு மாற்றத் தேவையான ரகசிய எண்ணும் அந்த அக்கவுன்ட்டுக்குள் போனால்தான் கிடைக்கும். அது கையில் இல்லாத வரை, கேட்ட விலையைக் கட்டுவதைத் தவிர உங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

lookup.icann.org என்ற பக்கத்தில் உங்கள் .com பெயரை அடித்துப் பாருங்கள். எந்த நிறுவனத்தில் பதிவாகியிருக்கிறது, எந்தத் தேதியில் முடிகிறது என்று வரும். உரிமையாளரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பெரும்பாலும் மறைத்துத்தான் காட்டும். அதனால் யார் பெயரில் இருக்கிறது என்று உறுதியாக அறிய, அந்த நிறுவனத்தின் பக்கத்தில் உங்கள் மின்னஞ்சலைக் கொடுத்து உள்ளே நுழைய முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடியவில்லை என்றால் செய்து கொடுத்தவரை அழைத்து, மரியாதையாக, ஆனால் உறுதியாக, பெயரை உங்கள் அக்கவுன்ட்டுக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். அதே நிறுவனத்துக்குள் ஓர் அக்கவுன்ட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது பெரும்பாலும் இலவசம், சில நிமிட வேலை.

இதை நவம்பரில் செய்யாதீர்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. உரிமையாளரின் பெயரையோ மின்னஞ்சலையோ மாற்றினால், அந்த .com பெயரை வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோக முடியாதபடி 60 நாள் பூட்டு விழலாம். புதிதாகப் பதிவு செய்த பெயருக்கும், சமீபத்தில் இடம் மாறிய பெயருக்கும் இதே 60 நாள் உண்டு. நவம்பர் கடைசியில் முடியும் பெயருக்கு நவம்பரில் மின்னஞ்சலைத் திருத்தினால், அந்த வருட ரினியூவலைப் பழைய இடத்திலேயே, அவர்கள் கேட்கும் விலைக்கே கட்ட வேண்டி வரும்.

நம் ஊருக்கு மட்டும் உள்ள ஒரு சிரமமும் இதில் இருக்கிறது. இந்த ஆஃபர்கள் பெரும்பாலும் தீபாவளியிலும், நவம்பர் கடைசியில் வரும் பிளாக் ஃபிரைடே விற்பனையிலும் வருகின்றன. வாங்கிய தேதியில்தானே மறு வருட ரினியூவலும் விழும்? ஸ்ரீரங்கத்தில் அது எந்த நேரம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வைகுண்ட ஏகாதசிக்குச் சரக்கு இறக்குகிற நேரம். பகல் பத்து தொடங்கிவிட்டால் கடையைவிட்டு எழுந்திருக்கக்கூட முடியாது. வெளியூர் ஆர்டர் அதிகம் வருகிற நாட்களும் அவைதான். அந்த நேரத்தில் எவரும் வெப்சைட்டை இடம் மாற்றத் துணிய மாட்டார்கள். விலையைப் பார்த்து வயிறெரிந்தாலும் கட்டிவிடுவீர்கள். கட்டியும் இருக்கிறீர்கள். எனவே இந்த வேலைக்கு உங்கள் கெடு ஆவணிக் கடைசி. புரட்டாசிக் கூட்டம் தொடங்குவதற்கு முன் முடித்துவிட்டால், நவம்பர் கடைசிக்கு இரண்டு மாதத்துக்கு மேல் அவகாசம் இருக்கும். 60 நாள் பூட்டே விழுந்தாலும் அது திறந்துவிடும்.

இடம் மாற்றுவது நீங்கள் நினைக்கிற அளவுக்குப் பெரிய வேலை அல்ல. விளக்குக் கடைக்கு நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். பணம் போன வருடம் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஹோஸ்டிங்கின் ஆட்டோ ரினியூவை மட்டும் அன்றே நிறுத்தினோம். அடுத்த ஆவணியில் பழைய இடத்தின் சிபேனலிலிருந்து public_html என்ற ஃபோல்டரை முழுவதும், கூடவே டேட்டாபேஸையும் இறக்கி, கடையின் கம்ப்யூட்டரில் ஒன்றும் பென் டிரைவில் ஒன்றுமாக வைத்தோம். இந்த பேக்கப்பை மட்டுமாவது எல்லோரும் எடுத்து வையுங்கள். ஹோஸ்டிங் காலாவதி ஆனால் உங்கள் படங்களையெல்லாம் சில வாரங்களில் அழித்துவிடுவார்கள். பிறகு, வருடம் 2,400 ரூபாய், ரினியூவலும் அதே என்று எழுத்தில் கொடுத்த ஓர் இடத்தில் ஹோஸ்டிங் எடுத்து, எல்லாவற்றையும் ஏற்றி, சரியாகத் திறக்கிறதா என்று பார்த்தோம். கடைசியாக டொமைன் அக்கவுன்ட்டில் நேம்சர்வர் என்ற இடத்தில் இருந்த இரண்டு பெயர்களை எடுத்துவிட்டுப் புதிய இடத்தின் இரண்டு பெயர்களைப் போட்டோம். ஒன்றிரண்டு நாளில் உலகம் முழுவதும் புது இடத்திலிருந்து வெப்சைட் திறக்க ஆரம்பித்தது. அதுவரை பழைய இடமும் ஓடிக்கொண்டிருந்ததால் ஒரு ஆர்டர்கூடத் தவறவில்லை.

நன்றாகக் கவனியுங்கள்: டொமைனை நாங்கள் எங்கும் நகர்த்தவில்லை. ஹோஸ்டிங்கை மாற்ற டொமைனையும் மாற்ற வேண்டும் என்று பலர் நினைத்துத் தயங்குகிறீர்கள், தேவையே இல்லை. இந்த இடமாற்றத்தில் கெட்டுப்போகக்கூடிய ஒரே விஷயம் மின்னஞ்சல். info என்று தொடங்கும் கடை மின்னஞ்சல் பழைய ஹோஸ்டிங்கிலேயே இருந்தால், நேம்சர்வரை மாற்றியதும் புதுக் கடிதங்கள் வந்து சேராது. புது இடத்தில் அதே மின்னஞ்சலை முன்பே உருவாக்கி வைத்து, பழைய கடிதங்களை இறக்கிக்கொண்ட பிறகே மாற்ற வேண்டும்.

இப்போது அவருடைய வருடச் செலவு ஹோஸ்டிங் 2,400, டொமைன் 1,499, ஜிஎஸ்டியோடு 4,601 ரூபாய். டொமைனையும் விலை குறைந்த இடத்துக்குக் கொண்டுபோனால் இன்னும் இறங்கும். .com-ஐ அப்படி மாற்றும்போது கட்டுகிற தொகையிலேயே ஒரு வருடம் கூடுதலாகச் சேர்ந்துவிடுவதால் நட்டமில்லை. 11,217-க்கும் 4,601-க்கும் உள்ள வித்தியாசம் 6,616. ஒரு சின்னக் கடைக்கு அது மாதக்கணக்கில் மின்கட்டணம்.

அடுத்து, உங்கள் உரிமை. இதெல்லாம் தனியார் விலை, நாம் என்ன செய்ய முடியும் என்று இருந்துவிடாதீர்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், இணையத்தில் வாங்குகிறவரை ஏமாற்றும் 13 வித உத்திகளைத் தடை செய்கின்றன. விலையின் ஒரு பகுதியை முதலில் காட்டாமல் கடைசியில் வெளிப்படுத்துவது அதில் ஒன்று. கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது ஒன்று. சந்தாவை ரத்து செய்யும் வழியை ஒளித்து வைப்பதும், இலவசம் என்று சொல்லித் தானாகப் பணம் எடுக்கும் அனுமதியைக் கட்டாயமாக வாங்குவதும் இன்னொன்று. "இன்னும் பத்து நிமிடத்தில் ஆஃபர் முடிகிறது" என்று பொய்யாக ஓடுகிற கடிகாரமும் அந்தப் பட்டியலில் உண்டு.

நேர்மையாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ரினியூவல் விலை 459 என்று தெளிவாகக் காட்டிவிட்டு அதை வாங்கினால், அது அதிகம் என்பதற்காக மட்டும் சட்டம் உங்களுக்குத் துணை வராது. எவ்வளவு விலை வைப்பது என்பது அவர்கள் இஷ்டம். காட்டாமல் வைத்தார்களா, ரத்து செய்ய விடாமல் வைத்தார்களா, கேட்காததைச் சேர்த்தார்களா என்பதே கேள்வி. அதனால்தான் வாங்கும்போது பணம் கட்டும் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள் என்கிறேன். ஒரு வருடம் கழித்து அந்தப் பக்கம் இருக்காது, உங்கள் சொல்லைத் தவிர ஆதாரம் எதுவும் இருக்காது.

"நாங்கள் வியாபாரிகள், எங்களை நுகர்வோர் என்று ஒப்புக்கொள்வார்களா?" என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். 2019-ஆம் ஆண்டுச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்குவதை விலக்குகிறது. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்குகிறவரை நுகர்வோராகவே ஏற்கிறது. கணவனும் மனைவியும் உட்கார்ந்து நடத்துகிற பூக்கடை, முறுக்குக் கடை, வளையல் கடைகளுக்கு இதில் நியாயம் இருக்கிறது. இருபது பேர் வேலை செய்கிற ஜவுளிக் கடைக்கு வாதம் கடினம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து புகாரைப் பதியலாம். அதில் தீரவில்லை என்றால் நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் இடத்திலேயே, திருச்சி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது.

ஆனால் ஆறாயிரம் ரூபாய்க்காகத் தனி ஆளாக ஆணையத்துக்கு அலைய யாருக்கு நேரம் இருக்கிறது? அவர்கள் நம்பியிருப்பதும் அதைத்தான். ஆகவே உங்களிடம் நான் கேட்பது இது. ஆவணி பிறப்பதற்குள் ஒவ்வொருவரும் உங்கள் வெப்சைட்டின் முதல் வருட பில், ரினியூவல் பில் இரண்டையும் தேடி எடுங்கள். டொமைன் யார் அக்கவுன்ட்டில் இருக்கிறது, எந்தத் தேதியில் முடிகிறது என்று அதன் பின்பக்கம் எழுதுங்கள். அவற்றை உங்கள் வணிகர் சங்கத்தில் கொடுங்கள். சங்க நிர்வாகிகளே, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு கூடத்தை மட்டும் ஒதுக்கிக் கொடுங்கள். என்னைப் போல இந்தத் தொழில் செய்கிறவர்கள் சிலர் வருகிறோம். கூலி வேண்டாம். ஒவ்வொரு கடையின் டொமைனையும் அவரவர் பெயருக்கு மாற்றும் வேலையை அங்கேயே உட்கார்ந்து முடித்துத் தருகிறோம். ரினியூவல் விலையை ஒளித்து விற்ற பில்களைத் தனியாகப் பிரித்து, சங்கத்தின் பெயரில் ஒரே புகாராக மத்திய ஆணையத்துக்கு அனுப்புங்கள். தனி மனிதர் ஒருவரின் 6,616 ரூபாயை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒரே ஊரிலிருந்து ஒரே மாதிரி நாற்பது, ஐம்பது பில்கள் ஒன்றாகப் போனால் பதில் சொல்லியாக வேண்டும்.

பில் கிடைக்காதவர்கள் வங்கி ஸ்டேட்மென்ட்டைக் கொண்டு வாருங்கள், அதிலும் தேதியும் தொகையும் இருக்கும்.